தீக்காயச் சீட்டில் விடுபடும் நான்கு எண்கள்
(ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்கு ஒரு பிற்பகல் பயிற்சி)

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய பகுதிகளில் பட்டாசுத் தொழில் எத்துணைக் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பதை நேயர்கள் நன்கு அறிவார்கள். அத்தொழிலில் விபத்து நேரும்பொழுது உண்டாகும் துயரமும் அவர்கள் அறியாததன்று. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; வேடிக்கை பார்க்கவும் உதவி செய்யவும் ஓடியவர்களும் அதில் சிக்கினர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சங்குளத்தில் மற்றொரு பெரு விபத்து நேர்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலும், இவற்றின் பின்னரும், ஓரிருவர் மட்டும் காயமுற்ற சிறு விபத்துகள் பல.

இவ்விபத்துகளைத் தடுப்பது எவ்வாறு என்பது பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நாம் ஈண்டு எழுத எடுத்துக்கொண்டது வேறு பொருள். தீக்காயம் பட்டவர் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ வட்ட மருத்துவமனைக்கோ வருகிறார். அங்கே முதலுதவி பெற்று, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். அப்பொழுது அவருடன் ஒரு சீட்டு செல்கிறது. அந்தச் சீட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதே நமது பொருளாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில் அத்தகைய சீட்டு ஒன்றைக் காணும் வாய்ப்பு நேர்ந்தது. “தீக்காயம். முதலுதவி செய்யப்பட்டது. மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது” என்னும் மூன்று வாக்கியங்களும் ஒரு கையொப்பமுமே அதில் இருந்தன. எழுதிய செவிலியர் திறமையற்றவர் அல்லர். அன்று அவர் நோயாளிக்குச் செய்தவை அனைத்தும் முறையாகவே செய்யப்பட்டிருந்தன. ஆனால் அவர் செய்தது எதுவும் தாளில் ஏறவில்லை. ஆதலால் இரண்டு மணி நேரப் பயணத்திற்குப் பின் நோயாளியை ஏற்றுக்கொண்ட மருத்துவர், எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கவேண்டியதாயிற்று. நோயாளியோ அப்பொழுது பேசும் நிலையில் இல்லை.

இக்குறையை நீக்க மூன்று மணி நேரப் பயிற்சி ஒன்றை எவ்வாறு திட்டமிடுவது, அது பயன் தந்ததா என்பதை எவ்வாறு அளப்பது என்பவற்றை இனி விளக்குவோம்.

சீட்டு ஏன் உயிர்க் காரியம்?

உடலில் பெரும்பகுதி வெந்தவருக்கு முதல் நாளில் வரும் பேராபத்து, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதாகும். அதனால் இரத்த ஓட்டம் தளர்ந்து சிறுநீரகம் கெடும். இதனைத் தடுக்க ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புநீரை நரம்பு வழியே ஏற்றுவர். எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு ஒன்று உண்டு. உடல் எடையைக் கிலோவில் எடுத்து, வெந்த பரப்பின் விழுக்காட்டால் பெருக்கி, அதனை 4-ஆல் பெருக்கினால், முதல் 24 மணி நேரத்திற்கு வேண்டிய நீர் மில்லிலிட்டரில் கிடைக்கும். அதில் பாதியை முதல் 8 மணி நேரத்திலும், மீதியை அடுத்த 16 மணி நேரத்திலும் ஏற்றவேண்டும். இக்காலத்தில் 4-க்குப் பதிலாக 2-ஆல் பெருக்கிக் குறைவாகத் தொடங்கும் மருத்துவர்களும் உண்டு. எதைக் கொள்வது என்பது அவர்கள் முடிவு.

இக்கணக்கில் நேயர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 8 மணி நேரம் என்பது நோயாளி மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அன்று. தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ணப்படுவது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். மருந்துக் கலவை அறையில் வேலை செய்த ஒருவருக்குக் காலை 10 மணி 10 நிமிடத்திற்குத் தீப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். எடை 60 கிலோ. வெந்த பரப்பு நூற்றுக்கு 30. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 11 மணிக்கு நீர் ஏற்றத் தொடங்கி, 11-20-க்கு 108 வண்டியில் மதுரைக்கு அனுப்புகிறார்கள். பகல் 1-20-க்கு அவர் அங்கே சேர்கிறார். அதற்குள் அரை லிட்டர்ப் புட்டிகள் இரண்டு, அதாவது 1,000 மில்லி, உள்ளே சென்றிருக்கிறது.

நான்கு அறுபது முப்பது 7,200 மில்லி. அதில் பாதி 3,600. இது மாலை 6-10-க்குள் முடியவேண்டும். முன்னரே 1,000 போய்விட்டமையால் மீதி 2,600. அதற்கு இருக்கும் அவகாசம் 4 மணி 50 நிமிடம். ஆகவே மணிக்குச் சுமார் 540 மில்லி வீதம் ஏற்றவேண்டும். இம்முடிவுக்கு வர மதுரை மருத்துவருக்கு வேண்டியவை நான்கே எண்கள்: தீப்பட்ட நேரம், எடை, வெந்த பரப்பு, ஏற்கனவே ஏற்றிய நீர். நான்கும் சீட்டில் இருந்தால் கணக்கு ஒரு நிமிட வேலை.

இவற்றில் ஒன்று தவறினால் என்ன ஆகும்? தீப்பட்ட நேரம் இல்லையேல், வந்த நேரத்தையே தொடக்கமாகக் கொள்ளும் நிலை ஏற்படும்; 8 மணியில் 3 மணி 10 நிமிடம் முன்பே கழிந்தது கணக்கில் வராது. பரப்பை 30-க்குப் பதில் 45 என்று எழுதிவிட்டால், கணக்கு 10,800 ஆகிவிடும். ஒரு நாளில் 3,600 மில்லி மிகையாகும். மிகையான நீர் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டச் செய்யும். கைகால்களில் வீக்கத்தை வளர்க்கும். குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. மருத்துவர் மணிதோறும் சிறுநீரை அளந்து, 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி அளவு வருகிறதா என்று பார்த்து வேகத்தைத் திருத்திக்கொள்வார் என்பது மெய்யே. எனினும் தொடக்கம் சரியாக அமைதல் சீட்டைப் பொறுத்தது.

சீட்டில் இருக்கவேண்டிய பத்துச் செய்திகள்

பயிற்சிக்கு முன்னர், ‘நல்ல சீட்டு’ எது என்பதில் வட்டார மருத்துவ அலுவலரும், நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனையின் மருத்துவரும் உடன்படவேண்டும். உடன்பாடு இல்லாத பொருளில் பயிற்சியும் அளவீடும் இயலா. நாம் பரிந்துரைக்கும் பட்டியல் இது:

1. தீப்பட்ட நேரம், அதைச் சொன்னவர் யார்.
2. நிலையத்திற்கு வந்த நேரம்.
3. எங்கே, எவ்வாறு நேர்ந்தது: மூடிய அறையா, திறந்த வெளியா, தீயா, வெடியா, எந்த மருந்து.
4. உடல் எடை, நிறுக்க இயலாவிடில் ‘உத்தேசம்’ என்னும் குறிப்புடன்.
5. வெந்த இடங்களைத் தீட்டிய மனித உருவப்படமும் விழுக்காடும்.
6. மூச்சுவழி: குரல் கம்மியுள்ளதா, மூக்கில் கரி படிந்துள்ளதா, மூக்கு மயிர் கருகியுள்ளதா.
7. கண், காது ஆகியவற்றின் நிலை.
8. ஏற்றிய நீர்: எது, எத்தனை மில்லி, எப்பொழுது தொடங்கியது.
9. கொடுத்த மருந்துகளும் ஊசிகளும், வலி மருந்து, இரணஜன்னி ஊசி உட்பட, நேரத்துடன்.
10. புறப்பட்ட நேரம், தொலைபேசியில் செய்தி பெற்ற மருத்துவர், எழுதியவர் பெயர்.

ஆறாவது செய்தி நமது பகுதிக்கு மிக முக்கியமானது. மூடிய அறையில் தீயும் புகையும் சூழ்ந்தவருக்கு வெளிக்காயம் குறைவாக இருப்பினும், தொண்டை உட்புறம் வீங்கிச் சில மணி நேரத்தில் மூச்சு அடைத்துவிடக் கூடும். “11 மணிக்குக் குரல் தெளிவு” என்று சீட்டில் இருந்து, 1-20-க்குக் குரல் கம்மியிருந்தால், வீக்கம் வளர்கிறது என்பதை ஏற்கும் மருத்துவர் உடனே உணர்வார். முதற் குறிப்பு இல்லையேல் ஒப்பிட வழியில்லை. ஏழாவதும் அத்தகையதே. வெடியில் செவிப்பறை கிழிந்தவர் கேள்வியைக் கேளாமல் விழிப்பார். மயக்கம் என்று பிறர் தவறாக எண்ணக்கூடும்.

குறிக்கோள்

“ஆவணப்படுத்துதலின் அவசியத்தை ஊழியர்கள் உணர்வார்கள்” என்று குறிக்கோள் எழுதுவது வழக்கம். அதை அளக்க முடியாது. ஆகையால் அது குறிக்கோள் ஆகாது. ஊழியர் எதைச் செய்து காட்டவேண்டும், எவ்வளவு நேரத்தில், எந்த அளவுக்குச் சரியாக என்று எழுதவேண்டும். நமது பயிற்சிக்கு மூன்று குறிக்கோள்கள் போதும்.

முதலாவது: ஒரு நோயாளியின் நிகழ்ச்சியைக் கேட்டு, பத்துச் செய்திகளில் ஒன்பதுக்குக் குறையாமல், 10 நிமிடத்திற்குள் சீட்டில் எழுதவேண்டும். இரண்டாவது: படத்தில் காட்டும் காயத்தின் பரப்பை, பயிற்றுநரின் மதிப்பிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகாமல் கணிக்கவேண்டும். மூன்றாவது: தவறாக எழுதியதை விதிப்படி திருத்திக் காட்டவேண்டும்.

யார், எப்பொழுது, எங்கே

மருத்துவ அலுவலர், செவிலியர், மருந்தாளுநர், சுகாதார ஆய்வாளர், 108 வண்டியின் மருத்துவ உதவியாளர் ஆகியோர் ஒருங்கே அமரவேண்டும். செவிலியரை மட்டும் அழைப்பது பெரும் பிழை. சீட்டு ஒருவர் கையில் தொடங்கி மற்றவர் கையில் முடிகிறது. ஒரு பிரிவுக்கு 12 பேருக்கு மேல் வேண்டாம். நிலையத்தைக் காலியாக விட்டு அனைவரும் வருவது கூடாது. ஆகவே இரு பிரிவாக, இரு வேறு நாட்களில், புறநோயாளிகள் கூட்டம் குறைந்த பிற்பகலில் 2 மணி முதல் 5 மணி வரை நடத்துக. ஊராட்சி ஒன்றிய அலுவலகக் கூட்ட அறை இதற்குப் போதும். தேவையான பொருள்கள்: அச்சிட்ட வெற்றுச் சீட்டுகள், உருவப்படத் தாள்கள், வண்ணப் பென்சில்கள், ஒரு சுவர்க்கடிகாரம்.

மூன்று மணி நேர நிகழ்ச்சி

*பழைய சீட்டைப் படித்தல் (20 நிமிடம்).* வட்டாரத்தின் பழைய சீட்டுகளில் ஐந்தினை எடுத்து, நோயாளி, எழுதியவர், நிலையம் ஆகியவற்றின் பெயர்களை முற்றிலும் மறைத்துப் படியெடுக்கவும். “நீங்களே ஏற்கும் மருத்துவர். இச்சீட்டை மட்டும் கொண்டு எவ்வளவு நீர் ஏற்றவேண்டும் என்று சொல்லுங்கள்” என்று கேட்கவும். விடை காண இயலாமல் அவர்கள் திகைப்பதே முதற் பாடம். இப்பகுதியில் எவரையும் குறைகூற இடந்தரலாகாது. “இது யார் எழுதியது?” என்ற கேள்வி எழுந்த கணமே பயிற்சி கெட்டுவிடும்.

*உருவப்படம் தீட்டுதல் (40 நிமிடம்).* காயத்தின் புகைப்படம் ஒன்றை அனைவருக்கும் காட்டி, அவரவர் தனித்தனியே தீட்டி விழுக்காட்டை எழுதித் தரச் செய்க. எண்களைப் பலகையில் வரிசையாக எழுதினால் அவை பெரிதும் மாறுபட்டிருக்கக் காணலாம். அதன் பின்னரே விதியைக் கற்பிக்கவும். எடின்பரோ நகர மருத்துவர் வாலஸ் என்பார் 1951-இல் வெளியிட்ட ‘ஒன்பதின் விதி’ இன்றும் கையாளப்படுகிறது. வயது வந்தவருக்குத் தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, மார்பும் வயிறும் சேர்ந்த முன்புறம் 18, முதுகுப்புறம் 18, ஒவ்வொரு காலும் 18, மறைவிடம் 1, ஆகக் கூடுதல் 100. சிதறலான காயங்களுக்கு நோயாளியின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கையை ஏறத்தாழ 1 என்று கொள்ளலாம். நமது எடுத்துக்காட்டில் இரு கைகளும் 18, மார்பு 9, முகத்திலும் கழுத்திலும் மூன்று உள்ளங்கை அளவு 3, ஆக 30 என்று வந்தது.

மிகுதியாக எழுதப்படுவதற்கு முதற்காரணம், கொப்புளமோ தோலுரிதலோ இன்றி வெறுமனே சிவந்த இடத்தையும் சேர்த்துக்கொள்வதாகும். சிவப்பைக் கணக்கில் சேர்க்கலாகாது. மற்றொரு காரணம் மருந்துத் தூளின் கரியையும் அலுமினியப் பொடியின் பூச்சையும் காயம் என்று எண்ணுவது. துடைத்துப் பார்த்த பின்னரே தீட்டவேண்டும். குழந்தைகளுக்கு ஒன்பதின் விதி பொருந்தாது. அவர்களுக்குத் தலை பெரிது, கால் சிறிது. அதற்கென லண்ட், பிரவுடர் ஆகியோர் 1944-இல் வகுத்த அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். விதியைச் சொல்லியபின் வேறொரு படத்தைத் தந்து மீண்டும் தீட்டச் செய்து, எண்களின் விலகல் எவ்வளவு சுருங்கியது என்பதைப் பலகையிலேயே காட்டுக.

*நடிப்பு (60 நிமிடம்).* ஊழியருள் ஒருவர் நோயாளி. ஒருவர் உடன் வந்த போர்மேன். ஒருவர் பதறும் மனைவி. மற்ற மூவர் சிகிச்சைக் குழு. “முதலில் வைத்தியம் செய்வதா, எழுதிக்கொண்டிருப்பதா?” என்னும் வினா இங்கே தவறாமல் எழும். அது நியாயமான வினாவே. விடை இது: வைத்தியமே முதல், ஆனால் கை ஓய்ந்த ஒருவரை ‘எழுதுபவர்’ என்று வந்தவுடன் குறித்துவிட வேண்டும். மற்றவர் செய்வதை உரக்கச் சொல்ல, அவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதவேண்டும். “ஊசி போட்டாயிற்று, 10-58” என்னும் அளவு போதும். எல்லா நேரமும் ஒரே கடிகாரத்தின்படி இருத்தல் அவசியம். கைக்கடிகாரம் ஒன்று, கைப்பேசி ஒன்று என்றிருந்தால் நேரங்கள் முன்பின் ஆகிவிடும்.

நடிப்பின் பிற்பாதியில் ஒரே வேளையில் ஆறு பேர் வருவதாக வைத்துக்கொள்ளவும். அப்பொழுது பத்துச் செய்தியும் எழுத இயலாது. முதலிற் சொன்ன நான்கு எண்களுடன், நோயாளியின் மணிக்கட்டில் கட்டிய எண் அட்டையின் எண்ணையும் சேர்த்து எழுதினால் போதும். உடை கருகி, முகம் வீங்கியவர்களின் பெயர் மாறிப்போவது அத்தகைய நாளில் எளிதில் நேரும்.

*தேநீர் இடைவேளை (15 நிமிடம்).*

*திருத்தமும் சட்டமும் (20 நிமிடம்).* தவறான சொல்லின் மீது ஒரே கோடு இழுத்து, அடியில் சரியானதை எழுதி, தேதி, நேரம், சுருக்கொப்பம் இடவேண்டும். மேலெழுதுவதோ, வெள்ளை பூசுவதோ, தாளைக் கிழித்து வேறு எழுதுவதோ கூடாது. விடுபட்டதைப் பின்னர் எழுதினால் ‘பின்னர் எழுதியது’ என்று எழுதும் நேரத்துடன் குறிக்கவேண்டும். இடையில் செருகியது போல் எழுதினால், உண்மையான குறிப்பும் நீதிமன்றத்தில் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

விபத்துப் பதிவேட்டில் ‘எவ்வாறு நேர்ந்தது’ என்னும் பகுதி மிகக் கவனமாக எழுதப்படவேண்டும். தொழிற்சாலையில் நேர்ந்ததை வீட்டு அடுப்பில் நேர்ந்ததாகச் சொல்லும்படி நோயாளியை எவரேனும் வற்புறுத்தக்கூடும். அச்சத்தால் உறவினர் தாமே அவ்வாறு சொல்வதும் உண்டு. எழுதுபவர் நீதிபதி அல்லர். நோயாளி சொன்ன சொற்களை அப்படியே எழுதி, “நோயாளி சொன்னது” என்றோ “உடன் வந்த இன்னார் சொன்னது” என்றோ குறித்து, கண்ணால் கண்டதைத் தனியே எழுதவேண்டும். “உடையில் வெள்ளிநிறப் பொடி, கந்தக வாசனை” என்ற ஒரு வரி, பின்னாளில் இழப்பீடு கேட்கும் குடும்பத்திற்குப் பெருந்துணையாக நிற்கக்கூடும்.

*தேர்வும் உறுதிமொழியும் (25 நிமிடம்).* புதிய நிகழ்ச்சி ஒன்றை வாசித்துக் காட்டி, ஒவ்வொருவரும் 10 நிமிடத்தில் சீட்டு எழுதவேண்டும். அருகிலிருப்பவர் பட்டியலின்படி மதிப்பிடுவார். பின்னர் ஒவ்வொரு நிலையத்தாரும் தங்கள் நிலையத்தில் மாற்றவேண்டிய ஒரு பொருளை எழுதித் தருவர். கடிகாரம், எடைப்பொறி, சீட்டு அச்சு எதுவாகவும் அது இருக்கலாம்.

முன்னேற்றத்தை அளத்தல்

டொனால்டு கிர்க்பாட்ரிக் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல், பயிற்சியின் பயனை நான்கு படிகளில் பார்க்கவேண்டும் என்று எழுதினார். வந்தவர்களுக்குப் பிடித்திருந்ததா, கற்றார்களா, திரும்பிச் சென்று வேலையில் மாற்றிக்கொண்டார்களா, அதனால் விளைவு ஏற்பட்டதா என்பவை அவை. நமது பயிற்சிகளில் பெரும்பாலும் முதற்படியுடன் நின்றுவிடுகிறோம். நமக்கு வேண்டியது மூன்றாம் படி. அதற்கான முறை எளிது.

பயிற்சிக்கு முன், வட்டாரத்திலிருந்து அனுப்பப்பட்ட தீக்காய, வெடிக்காயச் சீட்டுகளில் கடைசி 20-ஐ வரிசையாக எடுக்கவும். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கலாகாது. போதிய சீட்டுகள் இல்லையேல் மற்ற காயச் சீட்டுகளையும் சேர்த்து, உருவப்படம் போன்ற பொருந்தாத கட்டங்களைக் கணக்கினின்று நீக்கிவிடலாம். சீட்டுக்குப் பத்துச் செய்தி வீதம் 200 கட்டங்கள். இருவர் தனித்தனியே சரிபார்க்கவேண்டும். இருவர் எண்ணிக்கையும் வேறுபட்டால், பட்டியலின் சொற்களில் தெளிவில்லை என்று பொருள். அதனை முதலில் திருத்துக. இதே கணக்கைப் பயிற்சிக்கு ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும் எடுக்கவேண்டும்.

விளக்கத்திற்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். முன்னர் 200-இல் 96 கட்டங்கள் நிரம்பியிருந்தன, நூற்றுக்கு 48. ஒரு மாதம் கழித்து 150, நூற்றுக்கு 75. இதைக் கண்டு மகிழ்ந்து நின்றுவிடலாகாது. செய்தி செய்தியாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். தீப்பட்ட நேரம் 20-இல் 4 சீட்டுகளில் இருந்தது 17 ஆகியிருக்கிறது. எடையோ 2-இலிருந்து 5-க்கே உயர்ந்திருக்கிறது. பயிற்சி ஒன்றே; ஒரு செய்தி உயர்ந்தது, மற்றொன்று உயரவில்லை. காரணம் ஊழியரின் அறிவில் இல்லை. எடைப்பொறி வேறு அறையில் இருக்கிறது. படுத்திருப்பவரை அதில் நிறுத்த இயலாது. இதற்கு மறுபயிற்சி மருந்தன்று. உறவினரைக் கேட்டு ‘உத்தேசம் 60’ என்று எழுதலாம் என்னும் அனுமதியும், சீட்டில் அதற்கென ஒரு கட்டமும் தந்தால் குறை தீரும்.

மேலும் ஓர் எச்சரிக்கை. கட்டம் நிரம்பியிருத்தல் வேறு. அதில் உள்ளது மெய்யாயிருத்தல் வேறு. சரிபார்க்கப்படுகிறது என்று தெரிந்தவுடன், மாலையில் அமர்ந்து எல்லா நேரங்களையும் ஊகித்து நிரப்பும் பழக்கம் புகுந்துவிடும். அதைக் கண்டறிய, 20-இல் 5 சீட்டுகளை எடுத்து, வந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் 108 வண்டியின் பதிவுடன் ஒப்பிடவும். 10 நிமிடத்திற்கு மேல் வேறுபாடு இருந்தால் அது பிழை. நேரங்கள் எல்லாம் 10-00, 10-30, 11-00 என்று உருண்டையாக இருந்தாலும் ஐயுறுக. உண்மையில் நேரம் அப்படி அமைவதில்லை.

நான்காம் படியாகிய விளைவுக்கு, ஏற்கும் மருத்துவமனையின் மருத்துவரிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும்: “இச்சீட்டைக் கொண்டு, மீண்டும் தொலைபேசியில் கேட்காமலே, நீர்க் கணக்கைப் போட முடிந்ததா?” ஆம், இல்லை என்று மாதந்தோறும் எண்ணி வருக. உயிர் பிழைத்தோர் எண்ணிக்கையை மட்டும் இப்பயிற்சியின் அளவாகக் கொள்ளலாகாது. ஒரு வட்டாரத்தில் நோயாளிகள் சிலரே. காயத்தின் கடுமை ஆளுக்கு ஆள் வேறு. ஆகையால் அவ்வெண் ஏறுவதும் இறங்குவதும் சீட்டினால் என்று சொல்ல இயலாது.

மூன்றாம் மாதக் கணக்கில் எண் சற்று இறங்கியிருப்பின் வியப்பில்லை. ஊழியர் மாற்றலாகிப் புதியவர் வந்திருப்பர்; பழையவர் மறந்திருப்பர். மாதக் கூட்டத்தில் 15 நிமிடம் ஒதுக்கி, ஒரு சீட்டைப் படித்து, ஒரு படத்தைத் தீட்டினால் இது பெரும்பாலும் சரியாகும்.

ஊராட்சி உறுப்பினர் செய்யக்கூடியவை

நோயாளியின் தாளைப் படிக்க ஊராட்சி உறுப்பினருக்கு உரிமை இல்லை; கேட்கவும் கூடாது. அது நோயாளிக்கும் மருத்துவருக்கும் உரியது. ஆனால் கூட்டுக் கணக்கை, அதாவது நூற்றுக்கு எத்தனை கட்டம் நிரம்பியது என்பதை, நிலையத்தின் நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் கேட்கலாம். எந்தச் செய்தி உயரவில்லை, அதற்கு என்ன பொருள் தேவை என்றும் கேட்கலாம். சிகிச்சை அறையில் எல்லோர் கண்ணிலும் படும் கடிகாரம் ஒன்று, உருவப்படம் அச்சிட்ட சீட்டுப் புத்தகம் ஒன்று ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சிறிது.

ஊர் மக்களிடம் சொல்லவேண்டியவை மூன்று உண்டு. விபத்து நேர்ந்தவுடன் ஒருவர் மணியைப் பார்த்துக்கொள்ளட்டும். எரிந்துகொண்டிருக்கும் அறையை நெருங்காமல், வெளியே கொண்டுவந்தவரின் காயத்தின்மீது தூய்மையான குழாய் நீரை 20 நிமிடம் ஊற்றி, எவ்வளவு நேரம் ஊற்றினோம் என்பதையும் சொல்லட்டும். எந்த மருந்து கலந்துகொண்டிருந்தது என்பதை அறிந்தவர் நோயாளியுடன் வரட்டும். சீட்டின் முதற் செய்தியும் மூன்றாம் செய்தியும் இவர்களிடமிருந்தே வரவேண்டும். செவிலியர் எவ்வளவு கற்றிருப்பினும், தெரியாத நேரத்தை அவரால் எழுத இயலாது.

மற்றொன்று குடும்பத்தாருக்கு. தம் மருத்துவப் பதிவுகளைக் கேட்கும் நோயாளிக்கோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவருக்கோ 72 மணி நேரத்திற்குள் அவற்றை வழங்கவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கழக நடத்தை விதிகள் கூறுகின்றன. உள்நோயாளியின் பதிவுகள் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் காக்கப்படவேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளது. இழப்பீட்டு வழக்கு நெடுநாள் செல்லக்கூடும். ஆதலால் நோயாளி வீடு திரும்பியவுடன் எழுத்து மூலம் கேட்டு, ஒரு படியை வாங்கிப் பத்திரப்படுத்தி வைக்குமாறு உறுப்பினர்கள் அறிவுறுத்துவார்களாக.